கிளிப்பரும் கிளாம்பரும்: சைன் அலைக்கு வெளியீட்டைக் கணித்தல்

கிளிப்பர் சுற்று அலையின் ஒரு பகுதியை வெட்டிவிடுகிறது; எஞ்சிய பகுதியின் வடிவம் அப்படியே இருக்கும். கிளாம்பர் சுற்று அலையின் வடிவத்தைத் தொடாமல் அதை முழுதாக மேலேயோ கீழேயோ நகர்த்துகிறது. இரண்டிலும் வேலை செய்வது ஒரே டையோடுதான். கிளிப்பரில் அதனுடன் ஒரு மின்தடை இருக்கும். கிளாம்பரில் கூடுதலாக ஒரு மின்தேக்கியும் இருக்கும். சுற்று வரைபடத்தைப் பார்த்ததும் வெளியீட்டு அலையை வரைய இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும்: டையோடு எந்த நேரத்தில் கடத்துகிறது? கடத்தும்போது வெளியீடு எதனுடன் இணைந்து நிற்கிறது?

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே உள்ளீடுதான் பயன்படுகிறது: வீட்டு மின்சாரத்திலிருந்து சிறிய மின்மாற்றி வழியாகக் கிடைக்கும் சைன் அலை. புதுக்கோட்டை மாவட்டம் அரிமளத்தில் ஒரு வீட்டுப் பிளக்கில் வருவதும், சென்னையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வருவதும் அதே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான். சிக்னல் ஜெனரேட்டர் இல்லாத இடத்திலும் இந்தச் சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

உள்ளீட்டு அலையை அறிதல்

230 வோல்ட்டை 6 வோல்ட்டாகக் குறைக்கும் மின்மாற்றியை எடுத்துக்கொள்ளலாம். அதன் மேல் எழுதியிருக்கும் 6 வோல்ட் ஆர்.எம்.எஸ். மதிப்பு. அலையின் உச்சம் அதைப்போல் 1.414 மடங்கு, அதாவது சுமார் 8.5 வோல்ட். ஆகவே உள்ளீடு மேலே +8.5 வோல்ட்டுக்கும் கீழே −8.5 வோல்ட்டுக்கும் இடையே ஆடுகிறது. 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஒரு முழுச் சுழற்சிக்கு 20 மில்லி செகண்ட். நேர் அரைச்சுழற்சிக்கு 10, எதிர் அரைச்சுழற்சிக்கு 10.

சிறிய மின்மாற்றிகள் சுமை இல்லாதபோது எழுதியிருப்பதைவிடக் கூடுதலான அழுத்தத்தையே தரும். 6 வோல்ட் என்று எழுதியிருப்பது 7 வோல்ட் காட்டினால் உச்சம் 9.9 வோல்ட் ஆகிவிடும். ஆகவே முதலில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து அளந்து, அந்த எண்ணை 1.414 ஆல் பெருக்கி, அதையே உச்சமாகக் கொள்ள வேண்டும். கீழே உள்ள கணக்குகள் சரியாக 6 வோல்ட் வருவதாக வைத்துச் செய்யப்பட்டவை.

மின்மாற்றியின் இரண்டாம் சுருள் வீட்டு மின்சாரத்திலிருந்து பிரிந்து நிற்கிறது. அதனால்தான் சி.ஆர்.ஓ.வின் தரை முனையை அதனுடன் இணைக்க முடிகிறது. 230 வோல்ட் பக்கத்திலோ, சுருள் பிரியாத ஆட்டோ மின்மாற்றியிலோ இந்தச் சுற்றுகளை ஒருபோதும் இணைக்கக் கூடாது. முதல் சுருளின் இணைப்புகள் மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

கணிக்கும் முறை

சிலிக்கான் டையோடு கடத்தும்போது அதன் ஆனோடு, கேதோடைவிட ஏறக்குறைய 0.7 வோல்ட் மேலே நிற்கும். கடத்தாதபோது அது திறந்த சுவிட்ச். இந்த எளிய மாதிரியை வைத்து நான்கு படிகளில் வெளியீட்டை வரைந்துவிடலாம்.

1. டையோடைச் சுற்றிலிருந்து எடுத்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அது இருந்த இரண்டு முனைகளிலும் என்ன அழுத்தம் இருக்கும் என்று எழுத வேண்டும்.
2. ஆனோடு முனை கேதோடு முனையைவிட 0.7 வோல்ட் கூடுதலாவதற்கு உள்ளீடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று காண வேண்டும். அதுவே மாறும் புள்ளி.
3. மாறும் புள்ளிக்கு ஒருபுறம் டையோடு திறந்திருக்கும், மறுபுறம் கடத்தும். இரண்டு புறத்துக்கும் வெளியீட்டைத் தனித்தனியே எழுத வேண்டும்.
4. உள்ளீட்டு சைன் அலையை மெல்லிய கோட்டில் வரைந்து, மாறும் புள்ளியின் உயரத்தில் ஒரு படுகோடு போட்டு, இரண்டு பகுதிகளிலும் வெளியீட்டை அழுத்தமாக வரைய வேண்டும்.

அலை எந்த நேரத்தில் மாறும் புள்ளியைக் கடக்கிறது என்பதை சைன் சூத்திரமே சொல்லிவிடும்.

எளிய கிளிப்பர்

மின்மாற்றியின் ஒரு முனையிலிருந்து 1 கிலோ ஓம் மின்தடை. அதன் மறுமுனைதான் வெளியீடு. வெளியீட்டுக்கும் தரைக்கும் இடையே 1N4007 டையோடு, ஆனோடு மேலே, கேதோடு தரையில். டையோடின் உடலில் உள்ள வெள்ளி வளையம் கேதோடைக் குறிக்கிறது.

டையோடை எடுத்துவிட்டால் மின்தடையில் மின்னோட்டம் இல்லை. எனவே வெளியீடு உள்ளீட்டுக்குச் சமம். உள்ளீடு 0.7 வோல்ட்டைத் தாண்டினால் டையோடு கடத்தும், வெளியீடு 0.7 வோல்ட்டிலேயே நின்றுவிடும். மீதி அழுத்தம் முழுவதும் மின்தடையில் விழும். எதிர் அரைச்சுழற்சியில் டையோடு திறந்திருப்பதால் வெளியீடு −8.5 வோல்ட் வரை தாராளமாக இறங்கும். படத்தில் மேல் திமில் மறைந்து, கீழ்த் திமில் மட்டும் முழுதாகத் தெரியும். டையோடைத் திருப்பிப் போட்டால் கீழ்த் திமில் −0.7 வோல்ட்டில் வெட்டப்படும். மேல்பகுதி முழுதாக இருக்கும்.

வெளியீட்டில் ஒரு சுமை சேர்ந்தால் டையோடு திறந்திருக்கும் பகுதியும் மாறும். 10 கிலோ ஓம் சுமை என்றால் 1 கிலோ ஓமுடன் சேர்ந்து அழுத்தம் பங்கிடப்படும்; கீழ் உச்சம் 8.5 × 10/11, அதாவது −7.7 வோல்ட்டில் முடியும். முதல் படியைச் சுமையுடன் செய்தால் இந்த மாற்றம் தானாக வந்துவிடும்.

பேட்டரி சேர்ந்த கிளிப்பர்: முழுக் கணக்கு

மேலே சொன்ன சுற்றில் கேதோடை நேரடியாகத் தரைக்குக் கொடுக்காமல் 3 வோல்ட் பேட்டரி வழியாகக் கொடுக்கலாம். பேட்டரியின் நேர் முனை கேதோடில், எதிர் முனை தரையில். இப்போது கேதோடு எப்போதும் 3 வோல்ட்டில் நிற்கிறது. ஆனோடு 3.7 வோல்ட்டை எட்டினால்தான் டையோடு கடத்தும்.

உள்ளீடு 3.7 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும்வரை வெளியீடு உள்ளீட்டையே பின்பற்றுகிறது. அதற்கு மேல் வெளியீடு 3.7 வோல்ட்டில் தட்டையாகிறது. எவ்வளவு நேரம் தட்டையாக இருக்கும்?

sin θ = 3.7 / 8.5 = 0.435, θ = 25.8°

20 மில்லி செகண்ட் என்பது 360 பாகை. ஆகவே 25.8 பாகை என்பது 1.43 மில்லி செகண்ட். அலை பூஜ்யத்திலிருந்து கிளம்பி 1.43 மில்லி செகண்டில் 3.7 வோல்ட்டைத் தொடுகிறது. அதே அளவு மிச்சமிருக்கும்போது, 8.57 மில்லி செகண்டில், மறுபடி கீழே இறங்குகிறது. நடுவில் உள்ள 7.14 மில்லி செகண்டும் தட்டை. பிறகு எதிர் அரைச்சுழற்சி −8.5 வோல்ட் வரை முழுதாக வருகிறது.

டையோடில் ஓடும் உச்ச மின்னோட்டம் (8.5 − 3.7) / 1 கிலோ ஓம் = 4.8 மில்லி ஆம்பியர். இந்த எண்ணைக் கணக்கிட்டு வைத்துக்கொள்வது அவசியம். காரணம், அந்த மின்னோட்டம் பேட்டரியின் நேர் முனைக்குள் நுழைகிறது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் திசையில் ஓடுகிறது. சாதாரண உலர் செல்லை நீண்ட நேரம் இப்படி வைத்திருக்கக் கூடாது. பேட்டரிக்குப் பதிலாக ஆய்வக டி.சி. சப்ளையை வைத்தால் வேறொரு சிக்கல்: பெரும்பாலான சப்ளைகள் மின்னோட்டத்தைக் கொடுக்கும், வாங்கிக்கொள்ளாது. டையோடு உள்ளே தள்ளும் மின்னோட்டத்துக்குப் போக்கிடம் இல்லாமல் சப்ளையின் அழுத்தம் உயர்ந்து, வெட்டும் நிலை 3.7 வோல்ட்டைவிட மேலே போய்விடும். சப்ளையின் இரு முனைகளுக்குக் குறுக்கே 470 ஓம் மின்தடையை வைத்தால் அது 3 வோல்ட்டில் 6.4 மில்லி ஆம்பியரை இழுக்கும். 4.8ஐவிட இது கூடுதல் என்பதால் சப்ளை எப்போதும் கொடுக்கும் நிலையிலேயே இருக்கும். வெட்டும் நிலை அசையாது.

பேட்டரியைத் தலைகீழாகப் போட்டால் என்ன ஆகும் என்பதைத் தேர்வுகளில் அடிக்கடி கேட்பார்கள். கேதோடு இப்போது −3 வோல்ட்டில் நிற்கிறது. உள்ளீடு −2.3 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்போதெல்லாம் டையோடு கடத்தும். உள்ளீடு பூஜ்யமாக இருக்கும் நேரத்திலும் வெளியீடு −2.3 வோல்ட்தான். நேர் அரைச்சுழற்சி முழுவதும் தட்டை. எதிர் அரைச்சுழற்சியில் −2.3 வோல்ட்டுக்குக் கீழே உள்ள துண்டு மட்டும் −8.5 வோல்ட் வரை தெரியும். நேர் அரைச்சுழற்சியில் மட்டுமே டையோடு கடத்தும் என்று மனப்பாடமாகப் படித்தவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். அரைச்சுழற்சியைப் பார்த்து முடிவு செய்யாமல் மாறும் புள்ளியைக் கணக்கிட்டால் தவறு நேராது.

இருபுறமும் வெட்டுதல்

முதல் டையோடும் பேட்டரியும் இருக்கும் கிளைக்கு இணையாக, எல்லாவற்றையும் எதிர்த்திசையில் திருப்பிய இன்னொரு கிளையைச் சேர்த்தால் வெளியீடு +3.7 வோல்ட்டுக்கும் −3.7 வோல்ட்டுக்கும் இடையே அடங்கிவிடும். ஒவ்வொரு பூஜ்யத்தைக் கடக்கும்போதும் முன்னே 1.43, பின்னே 1.43 என 2.86 மில்லி செகண்டுக்கு அலை சாய்வாக ஏறும் அல்லது இறங்கும். மற்ற நேரம் தட்டை. இதைச் சதுர அலை என்று பல புத்தகங்கள் வரைந்துவிடுகின்றன. உண்மையில் கிடைப்பது பக்கங்கள் சாய்ந்த சரிவக வடிவம். பக்கங்கள் செங்குத்தாக நெருங்க வேண்டுமானால், வெட்டும் நிலையைவிட உள்ளீட்டு உச்சம் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும்.

கிளாம்பர்: மின்தேக்கி நினைவில் வைத்திருக்கும் அழுத்தம்

கிளாம்பரில் தொடராக இருப்பது மின்தடை அல்ல, மின்தேக்கி. மின்மாற்றி முனைக்கும் வெளியீட்டுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் மின்தேக்கி. வெளியீட்டுக்கும் தரைக்கும் இடையே டையோடு; இம்முறை கேதோடு மேலே, ஆனோடு தரையில். டையோடுக்கு இணையாக 100 கிலோ ஓம் மின்தடை.

கிளாம்பரைக் கணிக்கும்போது டையோடு கடத்தும் அரைச்சுழற்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும். இங்கே அது எதிர் அரைச்சுழற்சி. உள்ளீடு கீழே இறங்கும்போது வெளியீட்டையும் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். வெளியீடு −0.7 வோல்ட்டை எட்டியதும் டையோடு கடத்தி அதை அங்கேயே நிறுத்துகிறது. உள்ளீடு −8.5 வோல்ட்டுக்குப் போகும்போது வெளியீடு −0.7 வோல்ட்டில் நிற்பதால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 7.8 வோல்ட் மின்தேக்கியில் ஏறிவிடுகிறது. வெளியீட்டுப் பக்கம் நேர் முனை. எலெக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் + முனையும் அந்தப் பக்கமே இருக்க வேண்டும்.

உள்ளீடு கீழ் உச்சத்தைத் தாண்டி மேலே திரும்பியதும் டையோடு கடத்துவதை நிறுத்திவிடுகிறது. மின்தேக்கியில் ஏறிய 7.8 வோல்ட்டுக்கு வெளியேற 100 கிலோ ஓம் ஒன்றுதான் வழி. அந்த வழி மிக மெதுவானது. ஆகவே அதற்குப் பிறகு,

Vo = Vi + 7.8

வெளியீட்டின் அடி −0.7 வோல்ட், உச்சி 16.3 வோல்ட், நடு 7.8 வோல்ட். மொத்த உயரம் 17 வோல்ட். உள்ளீட்டின் உயரமும் அதுவே. வரைந்த படம் சரியா என்று பார்க்க இந்த உயரத்தைச் சரிபார்த்தாலே போதும். டையோடு தாங்க வேண்டிய பின்னோக்கு அழுத்தம் 16.3 வோல்ட் என்பதையும் இதே எண் சொல்கிறது.

முதல் சுழற்சி மட்டும் வேறு மாதிரி இருக்கும். உள்ளீடு பூஜ்யத்திலிருந்து மேல்நோக்கிக் கிளம்புவதாகவும் மின்தேக்கி காலியாக இருப்பதாகவும் கொண்டால், முதல் 10 மில்லி செகண்டில் வெளியீடு உள்ளீட்டைப் போலவே 8.5 வோல்ட் வரை ஏறி இறங்கும். பிறகு −0.7 வோல்ட்டுக்கு வந்து, 15ஆவது மில்லி செகண்டில் உள்ளீடு கீழ் உச்சத்தைத் தொடும்வரை அங்கேயே தட்டையாக நிற்கும். அதன் பிறகே முழு அலையும் மேலே தூக்கப்பட்டு, 25ஆவது மில்லி செகண்டில் 16.3 வோல்ட்டைத் தொடுகிறது. கேள்வியில் நிலைத்த வெளியீடு கேட்கப்பட்டால் இந்தத் தொடக்கப் பகுதியை விட்டுவிடலாம்.

மின்தடையும் மின்தேக்கியும் எவ்வளவு?

100 கிலோ ஓமையும் 10 மைக்ரோஃபாரடையும் பெருக்கினால் நேர மாறிலி 1 வினாடி. அலையின் சுழற்சி நேரமான 20 மில்லி செகண்டைப்போல் இது 50 மடங்கு. குறைந்தது 10 மடங்காவது இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. மின்தடை வழியாக வெளியேறும் சராசரி மின்னோட்டம் 7.8 வோல்ட்டை 100 கிலோ ஓமால் வகுக்க 78 மைக்ரோ ஆம்பியர். ஒரு சுழற்சியில் மின்தேக்கி இழப்பது சுமார் 0.16 வோல்ட். ஒவ்வொரு கீழ் உச்சத்திலும் டையோடு சிறிது நேரம் கடத்தி அந்த இழப்பை ஈடுசெய்கிறது. அதனால் அலையின் அடிப்பகுதி மிக மெல்லியதாகத் தட்டையாகும். கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது.

100 கிலோ ஓமுக்குப் பதில் 1 கிலோ ஓம் வைத்துவிட்டால் நேர மாறிலி 10 மில்லி செகண்ட் மட்டுமே. மின்தேக்கி ஒவ்வொரு சுழற்சியிலும் பெரும்பகுதியை இழந்துவிடும். அடி அகலமாகத் தட்டையாகி, அலை உருக்குலைந்து, கிளிப்பரின் சாயல் வந்துவிடும். வெளியீட்டில் குறைந்த மதிப்புள்ள சுமையை இணைத்தாலும் இதே கதிதான்.

டையோடைத் திருப்பினால் உச்சி +0.7 வோல்ட்டிலும் அடி −16.3 வோல்ட்டிலும் நிற்கும். மின்தேக்கியின் + முனையையும் திருப்ப வேண்டும். முதல் சுற்றிலேயே ஆனோடுக்கும் தரைக்கும் இடையே 3 வோல்ட் பேட்டரியை, + முனை ஆனோடில் இருக்கும்படி சேர்த்தால் வெளியீட்டின் அடி 3 − 0.7 = 2.3 வோல்ட்டில் நிற்கும். மின்தேக்கியில் 10.8 வோல்ட் ஏறும், உச்சி 19.3 வோல்ட்டாகும்.

மின்சாரம் ஏறி இறங்கும்போது

வீட்டு இணைப்பில் 230 வோல்ட்டுக்கு 6 சதவீதம் வரை கூடவோ குறையவோ விதிகள் இடமளிக்கின்றன. அந்த எல்லைகளில் 6 வோல்ட் மின்மாற்றியின் உச்சம் ஏறக்குறைய 8 வோல்ட்டுக்கும் 9 வோல்ட்டுக்கும் இடையே மாறும். பேட்டரி சேர்ந்த கிளிப்பரில் வெட்டும் நிலை இதனால் மாறாது, 3.7 வோல்ட்டிலேயே நிற்கும். அலை அந்த நிலையைத் தொடும் நேரம் மட்டும் 1.53 மில்லி செகண்டிலிருந்து 1.35 மில்லி செகண்ட் வரை நகரும். கிளாம்பரில் அடி −0.7 வோல்ட்டில் நிலையாக இருக்க, உச்சி 15.3 வோல்ட்டிலிருந்து 17.3 வோல்ட் வரை மாறும். சுற்று எதைப் பிடித்து வைக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது: கிளிப்பர் ஓர் எல்லையைப் பிடிக்கிறது, கிளாம்பர் ஒரு முனையைப் பிடித்து மறுமுனையை உள்ளீட்டின் போக்கில் விடுகிறது.

சரிபார்த்தலும் தவறு காணுதலும்

சி.ஆர்.ஓ. இருந்தால் முதலில் உள்ளீட்டு சுவிட்சை டி.சி. நிலையில் வைக்க வேண்டும். ஏ.சி. நிலையில் வைத்தால் கருவிக்குள் இருக்கும் மின்தேக்கி சராசரி அழுத்தத்தைத் தடுத்துவிடும். கிளாம்பர் வெளியீடு பூஜ்யத்தைச் சுற்றி ஆடும் சாதாரண சைன் அலையாகத் தெரியும். சுற்று வேலை செய்யவில்லை என்று தோன்றும். கிளிப்பரில் தட்டையான பகுதி சரிந்து தெரியும். முனையைத் தரையில் தொட்டு, பூஜ்யக் கோட்டைத் திரையின் நடுவில் நிறுத்திய பிறகே அளவெடுக்க வேண்டும்.

சி.ஆர்.ஓ. இல்லாதவர்களுக்கு மல்டிமீட்டரே போதுமான சாட்சி. டி.சி. வோல்ட்டில் வைத்தால் அது அலையின் சராசரியைக் காட்டும். முழு சைன் அலையின் சராசரி பூஜ்யம். மேலே வெட்டப்பட்டால் சராசரி எதிர்ப்புறம் சாயும்:

- பேட்டரி இல்லாத எளிய கிளிப்பர்: சுமார் −2.4 வோல்ட்
- 3 வோல்ட் பேட்டரி சரியான திசையில்: சுமார் −1.1 வோல்ட்
- 3 வோல்ட் பேட்டரி தலைகீழாக: சுமார் −4.0 வோல்ட்
- பேட்டரி இல்லாத கிளாம்பர்: சுமார் +7.7 வோல்ட்

கிளிப்பரில் பூஜ்யம் காட்டினால் டையோடு இணைப்பு விட்டிருக்கிறது. முழு அலையும் வெட்டப்படாமல் போகிறது. பூஜ்யமும் காட்டி ஏ.சி. அளவும் மறைந்திருந்தால் டையோடு உள்ளுக்குள் குறுக்கிணைப்பாகியிருக்கலாம். கிளாம்பரில் பூஜ்யத்தை ஒட்டி வந்தாலும் டையோடைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எதிர்க்குறியுடன் வந்தால் டையோடு திரும்பியிருக்கிறது. திரும்பிய டையோடுடன் எலெக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி தலைகீழ் அழுத்தம் தாங்கிக்கொண்டிருக்கும். உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும்.

கணக்குக்கும் அளவுக்கும் சிறு வித்தியாசம் எப்போதும் இருக்கும். 0.7 வோல்ட் என்பது ஒரு மாதிரிதான். உண்மையான டையோடு 0.5 வோல்ட் அளவிலேயே மெல்லக் கடத்தத் தொடங்குகிறது. அதனால் வெட்டும் மூலைகள் கூர்மையாக இராமல் வளைந்தே தெரியும். வீட்டு மின்சாரத்தின் அலையே உச்சியில் சற்றுத் தட்டையாக வருவதும் உண்டு. 0.1 அல்லது 0.2 வோல்ட் வித்தியாசத்தை இந்தக் காரணங்களில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பிழை கணக்கிலோ இணைப்பிலோ இருக்கிறது. அப்போது மின்மாற்றியின் உண்மையான அழுத்தம், டையோடின் திசை, பேட்டரியின் திசை, மின்தேக்கியின் முனை என இந்த வரிசையில் பார்த்துக்கொண்டு போனால் பிழை அகப்பட்டுவிடும்.